40 எச்பி லேத் பட்டறையில் பவர் ஃபேக்டர் அபராதம்: கெப்பாசிட்டரை எங்கே, எவ்வளவு வைப்பது?

கோயம்புத்தூரில் ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறை ஒன்றின் மின்கட்டண ரசீதில், யூனிட்டுக்கான கட்டணத்துக்கும் நிலைக்கட்டணத்துக்கும் கீழே, பவர் ஃபேக்டர் குறைவுக்கான தொகை மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. பட்டறையின் ஒப்பந்தச் சுமை 40 எச்பி, அதாவது ஏறத்தாழ 30 கிலோவாட். மூன்று லேத்துகளுக்குத் தலா 5 எச்பி மோட்டார், மில்லிங், ரேடியல் டிரில்லிங், ஷேப்பிங் இயந்திரங்களுக்குத் தலா 3 எச்பி, ஏர் கம்ப்ரஸருக்கு 10 எச்பி. இவை தவிர ஒரு ஹாக்சா இயந்திரமும் பழைய வெல்டிங் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் உண்டு. அந்தத் தொகை ஏன் வந்தது, அதைக் குறைக்க எதை எங்கே பொருத்தினோம், பொருத்திய பின் மீட்டர் என்ன காட்டியது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் ஒப்பந்தச் சுமை 18.6 கிலோவாட்டுக்கு, அதாவது 25 எச்பி-க்கு மேல் உள்ள தாழ்வழுத்தத் தொழிற்சாலை இணைப்புகள், பில் காலத்தின் சராசரி பவர் ஃபேக்டரை 0.85-க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அது 0.85-க்கும் 0.75-க்கும் இடையில் விழுந்தால், 0.85-இலிருந்து குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் மின்நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 0.75-க்கும் கீழே போனால் ஒவ்வொரு 0.01-க்கும் 1.5 சதவீதம், அதுவும் 0.75-இலிருந்து அல்ல, 0.85-இலிருந்தே எண்ணப்படும். ஆகவே 0.75 என்ற கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும் பட்டறைக்குத் தொகை திடீரென்று எகிறும்.

இந்தப் பட்டறையின் சராசரி 0.70. மாதத்துக்கு 3,000 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் நுகர்வுக் கட்டணம் 24,000 ரூபாய். 0.85-இலிருந்து 15 புள்ளி குறைவு, ஒவ்வொன்றுக்கும் 1.5 சதவீதம், ஆக 22.5 சதவீதம். அதாவது 5,400 ரூபாய். ஒரு யூனிட் வேலைகூட நடக்காமல் கையைவிட்டுப் போகும் பணம் இது.

இந்தத் தொகைக்கு மூலம் மோட்டாருக்குள் இருக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டார் சுழல வேண்டுமானால் அதன் ஸ்டேட்டரில் காந்தப்புலம் உருவாக வேண்டும். அந்தக் காந்தப்புலத்தை எழுப்பும் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் மோட்டாருக்குள் போய், அப்படியே லைனுக்குத் திரும்பி வருகிறது. அது இரும்பைச் சீவுவதில்லை, காற்றை அழுத்துவதில்லை. யூனிட் மீட்டர் அதை யூனிட்டாகவும் எண்ணுவதில்லை. ஆனால் கேபிளும் டிரான்ஸ்பார்மரும் அதைச் சுமந்தாக வேண்டும். உண்மையில் வேலையாக மாறும் பகுதியை kWh என்றும், வேலை செய்வதும் போய்த் திரும்புவதும் சேர்ந்த மொத்தச் சுமையை kVAh என்றும் மீட்டர் தனித்தனியாகக் காட்டுகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பதே சராசரி பவர் ஃபேக்டர்.

இதைத் தெரிந்துகொள்ள மாத முடிவில் வரும் ரசீதுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. காலையில் வேலை தொடங்கும்போது மீட்டரின் திரையில் மாறி மாறி வரும் kWh, kVAh என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, மாலையில் மீண்டும் குறித்து, வித்தியாசங்களை வகுத்தால் அன்றைய பவர் ஃபேக்டர் கிடைத்துவிடும். இங்கே வேலை நடந்த ஒரு நாளின் கணக்கு இது:

```
kWh  = 118
kVAh = 169
PF   = 118 / 169 = 0.698
```

ரசீதில் இருந்த 0.70 சரிதான் என்று உறுதியானது. மீட்டரைச் சந்தேகிக்க இடமில்லை.

இப்படிப் போய்த் திரும்பும் பங்கைக் கம்பத்துக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்தே கொடுப்பதுதான் கெப்பாசிட்டரின் வேலை, அந்தப் பங்கை அளக்கும் அலகு கேவிஏஆர். பட்டறையின் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் 10 கேவிஏஆர் கெப்பாசிட்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது இருக்கிறதே, பிறகு ஏன் அபராதம் என்பதுதான் உரிமையாளரின் கேள்வி. 440 வோல்ட்டுக்கு என்று குறிக்கப்பட்ட 10 கேவிஏஆர் கெப்பாசிட்டர், லைனில் 412 வோல்ட் இருக்கும்போது ஒவ்வொரு பேஸிலும் ஏறத்தாழ 12.3 ஆம்பியர் எடுக்க வேண்டும். வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரால் பார்த்ததில் ஒரு பேஸில் ஒன்றுமில்லை, மற்ற இரண்டிலும் 3.8 ஆம்பியர். ஃபியூஸ் ஒன்று எரிந்திருந்தது, எரியாத பக்கங்களிலும் கொள்ளளவு பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் மற்ற இரண்டு பேஸிலும் 10 ஆம்பியருக்கு மேல் வந்திருக்கும். 3.8 என்ற எண்ணே உள்ளிருக்கும் படலம் தேய்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி. இக்காலக் கெப்பாசிட்டர்களில் உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலத்தில் சிறு துளை விழுந்தால், சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அந்தத் துளை தானே அடைபடும். அதனால் கெப்பாசிட்டர் வெடிப்பதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கொள்ளளவில் கொஞ்சம் குறைகிறது. வெப்பமும் உயர் வோல்ட்டேஜும் சேர்ந்தால் இது விரைவாக நடக்கும். வெளியே பார்த்தால் பெட்டி புதிதுபோலவே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது டாங் டெஸ்டரால் மூன்று பேஸையும் அளக்காத கெப்பாசிட்டரை, இல்லாத கெப்பாசிட்டராகவே நான் கணக்கில் கொள்கிறேன்.

பழுதான பெட்டியைக் கழற்றி அதே இடத்தில் புதிய 10 கேவிஏஆர் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டால் வேலை எளிதாக முடிந்திருக்கும். பல பட்டறைகளில் அதைத்தான் செய்கிறார்கள். அதற்கு நான் உடன்படாததன் காரணம், மெயின் போர்டில் நேராகக் கட்டிய கெப்பாசிட்டர் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் லைனிலேயே இருக்கும் என்பதே. மோட்டார் எதுவும் ஓடாதபோது, கெப்பாசிட்டர் எடுக்கும் மின்னோட்டத்தை ஈடுகட்ட எதிரே எதுவும் இருக்காது, பவர் ஃபேக்டர் எதிர்த்திசையில், அதாவது லீடிங் பக்கம், கெட்டுப்போகும். சில மீட்டர்கள் லீடிங்கைக் கணக்கில் எடுக்காதபடி அமைக்கப்பட்டவை, வேறு சில, மோட்டாரால் வரும் லேகிங், கெப்பாசிட்டரால் வரும் லீடிங் இரண்டையும் kVAh-இல் சேர்ப்பவை. பின்னது உங்கள் கம்பத்தில் இருந்தால் கணக்கு இப்படிப் போகும்: வேலை நாள் 25, இரவு 14 மணி நேரம், விடுமுறை நாள் 5, முழு நாள். மொத்தம் 470 மணி நேரம் 10 கேவிஏஆர் வெறுமனே லைனில் இருந்தால், எந்த வேலையும் நடக்காமல் 4,700 kVAh ஏறும். பகலில் பவர் ஃபேக்டர் 0.97-க்கு உயர்ந்திருந்தாலும், 3,000 யூனிட்டை 7,800-ஆல் வகுத்தால் 0.38 தான் வரும். கெப்பாசிட்டர் இல்லாமலே இருந்ததைவிட மோசம்.

ஆகவே கெப்பாசிட்டர் மோட்டாரோடு சேர்ந்து லைனுக்கு வர வேண்டும், மோட்டாரோடு சேர்ந்து போக வேண்டும். மோட்டாரின் இயல்பும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. காந்தப்புலத்துக்கான மின்னோட்டம், மோட்டார் முழுச் சுமையில் ஓடினாலும் வெறுமனே சுழன்றாலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வேலைக்கான பகுதி மட்டுமே. ஜாப் ஒர்க் பட்டறையில் லேத் மோட்டார் நாள் முழுவதும் சுழன்றாலும், டூல் இரும்பில் ஆழமாக இறங்கி வெட்டும் நேரம் குறைவு. அளப்பது, ஜாப்பை மாற்றுவது, டூலைச் சாணை பிடிப்பது என்று போகும் நேரத்திலெல்லாம் மோட்டார் காந்தத்துக்கு மட்டும் மின்னோட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. 0.70 வந்ததற்கு மோட்டார்களின் பழுது எதுவும் காரணமல்ல, 5 எச்பி மோட்டார் பெரும்பாலான நேரம் 2 எச்பி வேலையைச் செய்வதே காரணம்.

எவ்வளவு கேவிஏஆர் என்பதை மோட்டாரிடமே கேட்கலாம். லேத்தை நியூட்ரலில் வைத்து மோட்டாரை மட்டும் ஓடவிட்டு அளந்தபோது ஒவ்வொரு பேஸிலும் 3.6 ஆம்பியர் வந்தது. 415 வோல்ட்டில் அது 2.59 கேவிஏ. பெல்ட், பேரிங் உராய்வுக்கென்று அரை கிலோவாட் போக, காந்தத்துக்கு மட்டும் ஏறத்தாழ 2.5 கேவிஏஆர். மோட்டாருடன் நேராக இணைக்கும் கெப்பாசிட்டர் இந்த அளவில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார், கெப்பாசிட்டரின் துணையோடு ஜெனரேட்டராக மாறி, முனைகளில் இயல்பைவிட அதிக வோல்ட்டேஜை எழுப்பும். மோட்டார் காயிலின் இன்சுலேஷனும் கெப்பாசிட்டரும் அதில் அடிபடும். எனவே 2.25-க்குள் நிற்க வேண்டும். 5 எச்பி-க்கு 2 கேவிஏஆர் என்று வழக்கத்தில் இருக்கும் அட்டவணை அளவும் இதோடு ஒத்துப்போகிறது. அதே அட்டவணைப்படி 3 எச்பி-க்கு 1, 10 எச்பி-க்கு 4 கேவிஏஆர் என்று முடிவு செய்தோம். மொத்தம் 13 கேவிஏஆர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கெப்பாசிட்டர் தரும் கேவிஏஆர் வோல்ட்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 440 வோல்ட் என்று அச்சிட்ட 2 கேவிஏஆர் பெட்டி, 415 வோல்ட்டில் 1.78 தான் தரும். லைன் 390-க்கு இறங்கும் பகுதிகளில் 1.57 தான். 415 வோல்ட் பெட்டியை வாங்கினால் முழு அளவு கிடைக்குமே என்று தோன்றலாம், ஆனால் இரவில் லைன் 440-ஐத் தொடும் ஊர்களில் அதன் ஆயுள் குறையும். 440 வோல்ட் பெட்டியையே வாங்கி, குறைவதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே நல்லது.

லேத்துகளின் வயரிங்கில் கவனிக்க வேண்டியது இரண்டு இடங்கள். முதலாவது ஸ்டார்ட்டருக்குள். கெப்பாசிட்டரின் மூன்று வயர்களையும் கான்டாக்டரின் வெளிவரும் முனைகளான 2/T1, 4/T2, 6/T3 ஆகியவற்றில், ஓவர்லோடு ரிலேவுக்கு முன்பாகவே எடுத்தோம். ரிலேவுக்குப் பின்னால், மோட்டார் பக்கம் எடுத்தால் ரிலே வழியாகப் போகும் மின்னோட்டம் குறைந்துவிடும், பழைய செட்டிங்கிலேயே விட்டால் மோட்டாருக்கு அதிகச் சுமை வந்தாலும் ரிலே டிரிப் ஆகாது. முன்பாக எடுத்தால் செட்டிங்கைத் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் 6 ஆம்பியர் எச்ஆர்சி ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பெட்டிக்குத் தனி எர்த். பெட்டியை இயந்திரத்தின் உடம்பில் மாட்டாமல், கூலன்ட்டும் சுருளும் தெறிக்காத உயரத்தில், ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில், காற்றுப் போக இடம் விட்டு மாட்டினோம்.

இரண்டாவது இடம், லேத்தின் ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்ச். மரை வெட்டும்போது ஆப்பரேட்டர் அந்தக் கைப்பிடியை நிமிடத்துக்குப் பல முறை முன்னும் பின்னும் போடுவார். கெப்பாசிட்டர் அந்தச் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் இடையில் இருந்தால், சார்ஜ் இறங்காத கெப்பாசிட்டர் ஒவ்வொரு முறையும் எதிர்ப் பேஸில் லைனோடு மோதும், பெரிய மின்னோட்டத் துடிப்பு எழுந்து சுவிட்சின் முனைகள் கருகும். ஸ்டார்ட்டரிலேயே எடுத்ததால், கைப்பிடி எப்படிப் போனாலும் கெப்பாசிட்டர் லைனோடு அமைதியாக இணைந்திருக்கிறது. இதற்கு ஈடாக ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆப்பரேட்டர்கள் கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டுப் போவார்கள், ஸ்டார்ட்டர் ஆனிலேயே கிடக்கும். அப்போது மோட்டார் இல்லாமல் கெப்பாசிட்டர் மட்டும் லைனில் நிற்கும். இயந்திரத்தை விட்டு நகரும்போது ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்குங்கள் என்று உரிமையாளர் சொல்லிவைத்தார். அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

கெப்பாசிட்டரை இணைத்ததும், ஒரே மாதிரி வெட்டில் லேத்துக்கு வரும் கேபிளில் அளந்த மின்னோட்டம் 4.6 ஆம்பியரிலிருந்து 3 ஆம்பியருக்கு இறங்கியது. வெட்டு குறையவில்லை, மோட்டாருக்குள் போகும் மின்னோட்டமும் குறையவில்லை. காந்தத்துக்கான பங்கைக் கம்பத்திலிருந்து கொண்டுவராமல் பக்கத்துச் சுவரிலிருந்தே கொடுக்கிறோம், அவ்வளவுதான். மூன்று லேத்துகளும் மூன்று 3 எச்பி இயந்திரங்களும் முடிந்த நிலையில், அன்றாட வாசிப்பு 0.88-ஐ ஒட்டி நின்றது. அபராதக் கோட்டைத் தாண்டியாகிவிட்டது, ஆனால் வெல்டிங் அதிகமாக ஓடும் நாளில் மீண்டும் கீழே விழும் அபாயம் இருந்தது.

கம்ப்ரஸர்தான் சற்று நேரம் எடுத்தது. அதற்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் மோட்டார் லைனிலிருந்து துண்டிக்கப்பட்டு மீண்டும் சேர்கிறது. காயில் முனைகளில் கெப்பாசிட்டர் நேராக இருந்தால், அந்த இடைவெளியில் மேலே சொன்ன ஜெனரேட்டர் நிலை வந்து, பேஸ் பொருந்தாமல் மீண்டும் சேரும். அதனால் கெப்பாசிட்டருக்கென்றே தயாரிக்கப்படும் கான்டாக்டர் ஒன்றைத் தனியாக வைத்து, அதன் காயிலுக்கு மின்சாரத்தை டெல்டா கான்டாக்டரின் துணை முனை வழியாகவும், 90 வினாடி டைமர் ஒன்றின் வழியாகவும் கொடுத்தோம். மோட்டார் டெல்டாவில் நிலைத்து ஒன்றரை நிமிடம் ஆன பிறகே கெப்பாசிட்டர் உள்ளே வரும். டைமருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்தி, சற்று நேரத்தில் மீண்டும் கிளப்பும். கெப்பாசிட்டரோடு வரும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் தன் வேலையை முடிக்க அவகாசம் வேண்டும். சார்ஜ் மிச்சமிருக்கும்போதே மீண்டும் லைனில் சேர்த்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் கரையும்.

அந்த ரெசிஸ்டரை நம்பிக் கைவைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சப்ளையை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரால் மூன்று முனைகளுக்கிடையிலும் வோல்ட்டேஜ் இல்லை என்று பார்த்து, பிறகு முனைகளைக் குறுக்கே இணைத்து எர்த் செய்த பின்னரே தொட வேண்டும். ரெசிஸ்டர் அறுந்துபோன கெப்பாசிட்டர் வெகுநேரம் கழித்தும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

கம்ப்ரஸரும் சேர்ந்த பிறகு வந்த முழு பில்லில் சராசரி 0.94. அபராதத் தொகை ரசீதிலிருந்து மறைந்தது. கெப்பாசிட்டர், கான்டாக்டர், டைமர், ஃபியூஸ், வயர், கூலி எல்லாம் சேர்ந்த செலவு, முன்பு இரண்டு மாதங்களில் அபராதமாகக் கட்டிய தொகைக்குள் அடங்கியது. ஆனால் யூனிட் எண்ணிக்கையில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை, இருக்கவும் முடியாது. லேத் வெட்டும் இரும்புக்குத் தேவையான கிலோவாட் அப்படியேதான் இருக்கிறது. பட்டறைக்குள் ஓடும் கேபிளில் சூடாக வீணாவது சற்றுக் குறையும், அவ்வளவே. கெப்பாசிட்டர் மாட்டினால் கரண்ட் பில் முப்பது சதவீதம் குறையும் என்று விற்க வருபவரிடம், குறைவது யூனிட்டா, அபராதமா என்று கேளுங்கள். அபராதமே இல்லாத வீட்டு இணைப்பில் பிளக் பாயின்ட்டில் சொருகும் பெட்டியால் ஒரு ரூபாய் லாபமும் கிடையாது.

0.94-க்கு மேல் ஏற்ற வேண்டும் என்று நாங்கள் முயலவில்லை. தாழ்வழுத்த இணைப்பில் 0.85-க்கு மேல் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் பணப்பலன் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் தேய்ந்தாலும் கோட்டுக்குக் கீழே போகாத இடைவெளி இருந்தால் போதும். வெல்டிங் டிரான்ஸ்பார்மருக்குக் கெப்பாசிட்டர் வைக்காமல் விட்டதும் இதனால்தான். அது இரண்டு பேஸில் விட்டுவிட்டு ஓடுவது, அதற்குத் தனியாகக் கணக்கிட வேண்டும். அந்தச் செலவை இன்வெர்ட்டர் வெல்டிங் செட்டுக்குப் போடுவது மேல் என்று உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

தானாகவே படிப்படியாகக் கெப்பாசிட்டரைச் சேர்த்து விலக்கும் ஏபிஎஃப்சி பேனலை ஏன் போடவில்லை என்று சிலர் கேட்டார்கள். மோட்டார்கள் பல, அவற்றில் எது எப்போது ஓடும் என்று சொல்ல முடியாத பெரிய ஆலைக்கு அது தேவை. ஏழெட்டு மோட்டார் உள்ள இடத்தில், ஒவ்வொரு ஸ்டார்ட்டரும் தன் கெப்பாசிட்டரைத் தானே சேர்த்து விலக்குவதால், அந்தப் பேனலின் ரிலேயும் மின்னோட்டத்தை உணரும் சிடியும் செய்யும் வேலை அவை இல்லாமலே நடந்துவிடுகிறது.

இந்த முறை பொருந்தாத இடம் ஒன்று உண்டு. மோட்டாருக்கு அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவ் இருந்தால், டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் கெப்பாசிட்டரை ஒருபோதும் இணைக்கக் கூடாது, டிரைவின் டிரான்ஸிஸ்டர்கள் எரிந்துபோகும். சிஎன்சி இயந்திரங்களும் டிரைவுகளும் பட்டறைச் சுமையில் பெரும்பங்கு ஆகும்போது, அவை எழுப்பும் ஹார்மோனிக் மின்னோட்டத்தைப் பக்கத்திலுள்ள கெப்பாசிட்டர்கள் உறிஞ்சிச் சூடாகும். டாங் டெஸ்டரில் பெயர்ப்பலகை அளவைவிட அதிக ஆம்பியர் காட்டினால், பெட்டி தொட முடியாதபடி சுட்டால், மேல்மூடி உப்பினால், அதுவே அடையாளம். அங்கே கெப்பாசிட்டருடன் தொடரில் ரியாக்டர் சேர்த்து வடிவமைக்க வேண்டும். இந்தப் பட்டறையில் அடுத்து ஒரு சிஎன்சி டர்னிங் சென்டர் வாங்கும் எண்ணம் இருக்கிறது. அது வந்ததும் முதல் வேலையாக ஏழு கெப்பாசிட்டர்களின் மூன்று பேஸையும் மீண்டும் அளக்க வேண்டும். இப்போது அளந்த அளவுகளை ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் தேதியோடு பெயின்ட்டால் எழுதிவைத்திருக்கிறோம். 2 கேவிஏஆர் பெட்டியில் 2.5, 2.5, 2.5 என்று இருப்பது, 2.5, 1.4, 1.4 என்று மாறினால் உள்ளே டெல்டாவின் ஒரு கை அறுந்துவிட்டது என்று பொருள்; மூன்றும் ஒருசேர 2-க்குக் கீழே இறங்கினால் படலம் தேய்ந்துவிட்டது, பெட்டியை மாற்ற வேண்டும்.